8 கோர் + 64 ஜிபியா, 16 கோர் + 32 ஜிபியா?

ஒரே மேசைக் கணினியில் நாலைந்து விர்ச்சுவல் மெஷின் ஓட்டுபவர் என்றால் 8 கோர், 64 ஜிபி ரேம் பக்கம்தான் என் ஓட்டு.

ஒரு கணக்கு போடுவோம். குபெர்னெட்டிஸ் பழக மூன்று லினக்ஸ் மெஷின், தலா 6 ஜிபி. சோதனைக்கு ஒரு விண்டோஸ் 11, அதற்கு 8 ஜிபி. ஆக 26. அப்புறம் நாம் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஹோஸ்டில் பிரவுசர், எடிட்டர் எல்லாம் சேர்த்து 10 ஜிபியாவது வேண்டும், ஆக 32 ஜிபி அங்கேயே பத்தவில்லை.

கோர் விஷயம் அப்படியில்லை. நான்கு மெஷினுக்கும் தலா 4 விசிபியு கொடுத்தால் மொத்தம் 16 ஆகிறது, ஆனால் அவை பெரும்பாலான நேரம் சும்மா இருப்பதால் 8 கோரே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளும், மிஞ்சிப்போனால் வேலை கொஞ்சம் தாமதமாகும். ரேம் தீர்ந்தாலோ ஹோஸ்ட் ஸ்வாப்புக்குப் போய் எல்லாமே திணறும், சில சமயம் லினக்ஸ் ஒரு மெஷினையே கொன்றுவிடும்.

உங்கள் கணினியில் எது குறைகிறது என்று பார்க்க, வேலை நடக்கும்போது லினக்ஸ் ஹோஸ்டில் இதை ஓட்டுங்கள்:

```
vmstat 1
```

`si`, `so` தொடர்ந்து பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ரேம் போதவில்லை. அவை பூஜ்யமாக இருந்து `r` மட்டும் த்ரெட் எண்ணிக்கையைத் தாண்டியே நின்றால் கோர் போதவில்லை. பல மெஷின்களில் ஒரே நேரத்தில் கம்பைல் ஓட்டுபவர்களுக்கு இது நடக்கும், அவர்களுக்கு 16 கோர் சரிதான், ஆனால் 32 ஜிபியோடு வேண்டாம்.

வாங்கும்போது 32 ஜிபி குச்சி இரண்டாக வாங்குங்கள். டிடிஆர்5-இல் நான்கு குச்சி போட்டால் பெரும்பாலும் வேகம் குறையும்.