சீட்டு கடனா, சேமிப்பா? குறியீட்டுப் பட்டியலைச் சரிபார்க்க மூன்று வழிகள்

ஆலங்குளம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் எடுத்த 24 பேட்டிகளை எழுத்தாக்கி, 31 குறியீடுகள் கொண்ட பட்டியல் ஒன்றை வைத்துக் குறியிட்டோம். பேச்சைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அது எதைப் பற்றியது என்று பெயர் ஒட்டுவதுதான் குறியிடுவது. வேலை செய்தது இரண்டு பேர்: நானும், என்னை அண்ணாச்சி என்று கூப்பிடும் ஒரு தங்கச்சியும். பாதி தாண்டியபோதே பட்டியலில் ஏதோ கோணல் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் சண்டை. மூன்று வழிகளையும் செய்து பார்த்தபின் எது எதற்கு உதவும், எங்கே ஏமாற்றும் என்று எழுதுகிறேன்.

முதல் வழி, எண்ணால் அளப்பது. ஒரே துண்டுகளை இருவரும் தனித்தனியாகக் குறியிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறோம் என்று பார்ப்பது. வெறும் சதவீதம் இங்கே நம்பக்கூடாத ஆள். மூன்று பேட்டிகளை 100 துண்டுகளாக முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொண்டு, 'கடன்' என்ற குறியீட்டை மட்டும் சோதித்தோம். இருவரும் 'கடன்' போட்டது 5 துண்டு. நான் மட்டும் போட்டது 3, அவள் மட்டும் போட்டது 3. மீதி 89 துண்டுகளில் இருவருமே போடவில்லை. ஆக 94 சதவீதம் ஒற்றுமை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பங்கு கடனைப் பற்றிய பேச்சே இல்லாத துண்டுகள்.

இதற்காகத்தான் ஜேக்கப் கோஹன் 1960-இல் கப்பா என்ற அளவைக் கொண்டுவந்தார். தற்செயலாகவே எவ்வளவு ஒத்துப்போயிருக்கும் என்பதை அது கழித்துவிடும். இருவருமே நூற்றுக்கு 8 துண்டுகளில் 'கடன்' போட்டிருப்பதால், தற்செயல் ஒற்றுமை 0.08 × 0.08 + 0.92 × 0.92, அதாவது 0.8528.

```
(0.94 − 0.8528) ÷ (1 − 0.8528) = 0.59
```

94 சுருங்கி 0.59 ஆகிவிட்டது. கப்பா எண்ணுக்குத் தரம் சொல்லப் பலரும் மேற்கோள் காட்டும் லாண்டிஸ், கோச் அட்டவணையில் (1977) இது 'நடுத்தரம்'. அந்த எல்லைகள் அவர்களே வசதிக்காக வகுத்தவை, அதனால் அந்தப் பெயருக்கு நான் பெரிய மதிப்புத் தருவதில்லை. எனக்கு வேண்டியது வேறு: அந்த ஆறு துண்டுகளில் ஏன் பிரிந்தோம்? கப்பா அதற்கு வாயைத் திறக்காது. காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லும், என்ன நோய் என்று சொல்லாது.

இரண்டாவது வழி, எந்தக் குறியீடு எதன் மேல் விழுகிறது என்று அட்டவணை போடுவது. எக்செல் போதும். எங்கள் அட்டவணையில் கண்ணில் குத்தியது 'கழிவு' (சுற்றிக் கொடுத்த பீடியைப் பீடிக்கடையில் சரியில்லை என்று ஒதுக்குவது), 'கடை நெருக்கடி' என்ற ஜோடி. கழிவு 36 துண்டு, நெருக்கடி 41 துண்டு, இரண்டும் சேர்ந்து விழுந்தது 29. கழிவில் ஐந்தில் நான்கு பங்கு நெருக்கடிக்குள் இருந்தால் இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது.

அப்புறம் சேராமல் தனியாக நின்ற 7 கழிவுத் துண்டுகளை எடுத்துப் படித்தோம். அவற்றில் யாரும் யாரையும் மிரட்டவில்லை. கொடுத்த இலை ஓட்டையும் கிழிசலுமாக இருந்தது, அதனால் பீடி கழிந்தது, அவ்வளவுதான். சேர்ந்து விழுந்த 29-ஐப் படித்தால், கழித்துவிடுவேன் என்ற பயத்தைக் காட்டித்தான் கடைக்காரர் பல இடங்களில் வேலை வாங்குகிறார். ஆக, குறியீடுகள் ஒன்றோடொன்று மோதவில்லை. கழிவு என்பது நெருக்கடி கொடுக்கும் கருவி என்பதே ஆய்வில் கிடைத்த செய்தி. ஒன்றாக்கியிருந்தால் அது போயிருக்கும். ஜோடி சேர்ந்து விழுந்தால் முதலில் சேராத துண்டுகளைப் படியுங்கள். அவற்றுக்குச் சொந்தமாகச் சொல்ல எதுவும் இல்லையென்றால்தான் இணைப்பு.

இந்த அட்டவணை தலைகீழாகவும் ஏமாற்றும். 'உடல்வலி', 'வேலைச் சோர்வு' இரண்டும் எங்கேயும் சேர்ந்து விழவில்லை. சுத்தமாகப் பிரிந்திருக்கிறது என்று நினைத்தோம். யார் எத்தனை தடவை போட்டோம் என்று பிரித்தால், நான் உடல்வலி 33, சோர்வு 2. அவள் உடல்வலி 5, சோர்வு 27. பேட்டிகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் குறியிட்டிருந்தோம். சொளவை மடியில் வைத்துக் குனிந்தே உட்கார்ந்திருப்பதால் வரும் முதுகுவலிக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறோம். ஆள்வாரியான எண்ணிக்கை இல்லாமல் இது ஒருபோதும் தெரியாது.

மூன்றாவது வழி பழசு, மெதுவானது, எனக்குப் பிடித்தது. ஒரு குறியீட்டின் கீழ் வந்த எல்லாத் துண்டுகளையும், அது எந்தப் பேட்டி என்ற வரிசையிலேயே அடுக்கி, உட்கார்ந்து படிப்பது. 31 குறியீடுகளுக்கு மூன்று நாள் மாலை போனது. 'கடன்' அடுக்கைப் படிக்கும்போதுதான் கதை விளங்கியது. முதல் பத்துப் பேட்டிகளில் குழுக்கடன், நகைக்கடன் மட்டும். பதினொன்றிலிருந்து மளிகைக்கடைப் பாக்கியும் உள்ளே வந்துவிட்டது. யாரும் முடிவெடுக்கவில்லை, தானாக நழுவியிருக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் சீட்டு. பிரிந்த ஆறில் மூன்று துண்டு சீட்டைப் பற்றியவை. சீட்டு என்று வந்தாலே நான் 'சேமிப்பு' போட்டிருக்கிறேன், அவள் சில இடங்களில் 'கடன்' போட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

“சீட்டை எடுத்தவளுக்கு அது கடன் அண்ணாச்சி. எடுக்காதவளுக்குச் சேமிப்பு. ரெண்டையும் ஒரே டப்பாவுல போட்டா எப்படி?”

ஒரு பேட்டியில் ஒரு பெண், “சீட்டு எடுத்தாச்சு, இன்னும் எட்டு மாசம் கட்டணும்” என்கிறார். அதற்கு நான் சேமிப்பு என்று போட்டிருந்தது வெட்கமாக இருந்தது. உடனே விளக்கத்தைத் திருத்தினோம். எப்போது போட வேண்டும், எப்போது போடக்கூடாது, ஒரு மாதிரித் துண்டு என மூன்றையும் எழுதினோம். 'கடன்' என்பதன் கீழ்: எடுத்த சீட்டுக்குக் கட்டும் பணம் சேரும், எடுக்காத சீட்டு சேராது, அது சேமிப்பு, மளிகைப் பாக்கி சேரும். பிறகு எல்லாப் பேட்டிகளிலும் 'சீட்டு' என்ற சொல்லைத் தேடி மறுபடி குறியிட்டோம். பீடிக்கடையில் எழுதித் தரும் சீட்டும் அதே தேடலில் வந்து நின்றது. அதைக் கையால்தான் ஒதுக்க வேண்டியிருந்தது.

இந்த வழியிலும் ஆபத்து உண்டு. இருவர் உட்கார்ந்து பேசினால் வயதில் மூத்தவர் சொன்னதே நிற்கும். அதனால் பேசுவதற்கு முன் ஆளுக்கொரு காகிதத்தில் காரணத்தை எழுதிவிட்டோம். இல்லாவிட்டால் அந்த டப்பா விஷயம் வெளியே வந்திருக்காது.

எனவே என் வரிசை இது: நேரம் இருந்தால் படிப்பதில் தொடங்குங்கள். குறியீடுகள் நூறைத் தாண்டினால் முதலில் அட்டவணை போட்டு, எதைப் படிப்பது என்று அது சொல்லட்டும். கப்பா கடைசியில், அதுவும் சண்டை போட்டுத் தீர்த்த அதே பேட்டிகளில் அல்ல. அங்கே எண் உயரத்தான் செய்யும், விடை தெரிந்த பரீட்சை அது. ஒருவரே தன் பார்வையில் படித்துப் பொருள் காணும் ஆய்வென்றால் கப்பாவே வேண்டாம் என்பவர்களும் உண்டு. இப்படிப்பட்ட ஆய்வு முறை பற்றி எழுதும் பிரானும் கிளார்க்கும் அந்தப் பக்கம். எங்கள் பேட்டிகளை இருவர் பங்கிட்டுக் குறியிட்டதால் எங்களுக்கு அது தேவைப்பட்டது.

புதிதாக நாலு பேட்டிகளில் சோதித்தோம். சீட்டு ஆறு இடத்தில் வந்தது, ஐந்தில் ஒத்துப்போனோம். ஆறாவதில் அந்த அம்மா சீட்டை எடுத்தாரா இல்லையா என்று பேட்டி எடுத்தபோது நாங்கள் கேட்கவே இல்லை.