தொண்ணூறைத் தாண்டினால் பணம் இருக்குமா? ஒரு கோடிக்கு மூன்று வழிகள்

டெல்லியில் மயூர் விஹார், ஆர்.கே.புரம் பக்கம் வயதான தமிழர்களிடம் பேசினால் இரண்டு தலைமுறைகளின் கவலை வேறுவேறாக இருப்பது உடனே தெரியும். மத்திய அரசில் வேலை பார்த்து பழைய பென்ஷனில் ஓய்வு பெற்றவர்களுக்கு ஆயுள் நீண்டால் பணப் பிரச்சினை இல்லை. அகவிலைப்படி ஏறும். அதோடு 80 வயதில் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடும், 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் பென்ஷன் இரட்டிப்பாகும். குடும்பப் பென்ஷனுக்கும் இதே ஏற்பாடுதான். வயது ஏற ஏறச் செலவும் ஏறும் என்பதை ஒப்புக்கொண்டு போட்ட திட்டம் அது.

தனியார் வேலையிலிருந்து கையில் ஒரு தொகையோடு ஓய்வு பெறுபவருக்கு அந்த வசதி கிடையாது. அவர்தான் தன் ஆயுளை ஊகித்துத் தொகையைப் பங்கு போட வேண்டும். சமீபத்தில் எங்கள் சொசைட்டியில் ஒருவர் அப்படி ஓய்வு பெற்றார். அவருக்கு 60, மனைவிக்கு 55. சொந்த ஃப்ளாட், பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது, கையில் ஒரு கோடி. "இந்தியாவுல சராசரி ஆயுள் எழுபதுதானே சார்? நான் எதுக்கும் எண்பது வரைக்கும் கணக்கு போட்டு வச்சிருக்கேன்" என்றார். இந்தக் கணக்கில் மூன்று கோளாறுகள் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பார்த்துவிட்டு வழிகளுக்கு வருவோம்.

அட்டவணையை எப்படிப் படிப்பது

எழுபது என்பது பிறக்கும் குழந்தைக்கான சராசரி. சிசு மரணம், இளவயது விபத்து எல்லாம் அதில் அடக்கம். 60 வயதை எட்டியவர் அந்த ஆபத்துகளையெல்லாம் தாண்டி வந்துவிட்டார். பிறப்பு இறப்புகளை மாதிரி எடுத்துக் கணக்கிடும் அரசின் மாதிரிப் பதிவு அமைப்பு வெளியிடும் ஆயுள் அட்டவணைப்படி 60 வயதுக்காரருக்குச் சராசரியாக இன்னும் சுமார் 18 ஆண்டுகள் உண்டு, பெண்களுக்குச் சற்றுக் கூடுதல். எழுபதிலிருந்து அறுபதைக் கழித்துப் பத்து என்று சொல்வது முதல் கோளாறு.

சரி, அப்போது 78 என்று வைத்துக்கொள்ளலாமா? அங்கேதான் இரண்டாவது கோளாறு. 18 என்பது ஒரு சராசரி. ஏறக்குறைய பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்வார்கள். நமக்கு வேண்டியது சராசரி இல்லை, ஒரு குறிப்பிட்ட வயதை எட்டும் வாய்ப்பு. அட்டவணையில் 'உயிரோடு இருப்போர்' என்று ஒரு பத்தி இருக்கும். ஒரு லட்சம் பேர் பிறந்தால் ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் மீதி இருப்பார்கள் என்பதை அது காட்டும். 90க்கு நேரே உள்ள எண்ணை 60க்கு நேரே உள்ள எண்ணால் வகுத்தால் வேண்டிய விடை வந்துவிடும். உதாரணத்துக்கு 60இல் 80,000 பேர், 90இல் 12,000 பேர் என்றால் வாய்ப்பு 15 சதவீதம்.

தம்பதிக்கு இது போதாது. கணவர் 90ஐத் தொட 15 சதவீதம், மனைவி 90ஐத் தொட 25 சதவீதம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இருவருமே எட்டாமல் போகும் வாய்ப்பு 0.85 பெருக்கல் 0.75, அதாவது சுமார் 64 சதவீதம். மீதி 36 சதவீதம், இருவரில் ஒருவராவது 90ஐத் தொடும் வாய்ப்பு. மூன்றில் ஒன்றுக்கும் மேல். அதுவும் பெரும்பாலும் மனைவியாக இருப்பார், தனியாக இருப்பார். நண்பர் தன் வயதை மட்டும் பார்த்து 80 என்று நிறுத்தினார். அந்த வருடம் மனைவிக்கு 75தான் ஆகியிருக்கும். மனைவிக்கு 90 ஆக இன்றிலிருந்து 35 ஆண்டுகள் ஆகும். திட்டத்தின் நீளம் அதுதான்.

மூன்றாவது, எந்த அட்டவணை என்பது. மாதிரிப் பதிவு அமைப்பின் அட்டவணை நாடு முழுவதற்கும் ஆனது. மருத்துவமனையே எட்டாத கிராமத்து மனிதரும் அதில் இருக்கிறார். மேலும் அதன் கடைசி வரிசை '85க்கு மேல்' என்று முடிந்துவிடும், 90ஐப் பற்றி அது தனியாகப் பேசாது. ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ஆயுள் முழுக்கப் பென்ஷன் தரும் ஏற்பாட்டுக்கு ஆன்யுட்டி என்று பெயர். அதை விற்கும் காப்பீட்டு நிறுவனங்கள் வேறு அட்டவணை வைத்திருக்கின்றன. ஆன்யுட்டி வாங்கியவர்களின் இறப்பை மட்டும் பார்த்து காப்பீட்டுக் கணக்கு வல்லுநர்களின் அமைப்பான இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம் தயாரித்த 2012-15 அட்டவணை அது. தான் நெடுநாள் இருப்போம் என்று நினைப்பவர்தான் ஆன்யுட்டி வாங்குவார், அதனால் அந்தக் கூட்டத்தின் ஆயுள் பொதுமக்களைவிட நீளம். கையில் ஒரு கோடியும் நல்ல மருத்துவ வசதியும் உள்ள டெல்லிவாசி இந்தக் கூட்டத்தைத்தான் சேர்ந்தவர். இரண்டு அட்டவணைகளும் கடந்த கால இறப்புகளை வைத்துப் போட்டவை. இன்று 60 ஆனவர் 90ஐத் தொடும்போது மருத்துவம் முப்பது வருடம் முன்னேறியிருக்கும் என்பது வேறு.

வழி ஒன்று: நாமே வைத்துக்கொண்டு எடுத்துச் செலவழிப்பது

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், 8.2 சதவீத வட்டி. மனைவிக்கு 55தான் என்பதால் அவர் பெயரில் இன்னும் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். மீதியை வைப்புநிதியிலும் கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்டிலும் போட்டு, மொத்தத்தில் வரி போக 7 சதவீதம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி ஏற்றம் வருடம் 6 சதவீதம்.

மாதம் 50,000 என்று தொடங்கி, வருடா வருடம் 6 சதவீதம் கூட்டி எடுத்தால் ஒரு கோடி சரியாக 18 ஆண்டுகள் வரும். அட்டவணைச் சராசரியும் அதே 18தான். 'சராசரிப்படி திட்டம் போட்டேன்' என்றால் இதுதான் பொருள்: அவருக்கு 78, மனைவிக்கு 73, கணக்கில் பூஜ்யம். இதே பணத்தை 35 ஆண்டுகளுக்கு நீட்ட வேண்டுமென்றால் இன்றைக்கு மாதம் சுமார் 27,800தான் எடுக்கலாம்.

தனியாளாக ஆயுள் ஆபத்தைத் தாங்குவதன் விலை இது. 90 வரை வாழ வாய்ப்பு இருக்கிறது என்பதற்காக, அப்படி வாழாமலே போனாலும், 60 வயதிலிருந்தே பாதி வயிற்றோடு இருக்க வேண்டும்.

வழி இரண்டு: 60இலேயே எல்லாவற்றையும் ஆன்யுட்டியில் போடுவது

காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரு கோடியைக் கொடுத்துவிட்டால் இருவரில் கடைசி ஆள் இருக்கும்வரை பென்ஷன் வரும். விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம், மாதத்துக்கு மாதம் மாறும். கணக்குக்காக 7 சதவீதம் என்றால் மாதம் சுமார் 58,300. முதல் வழியின் 27,800க்கு இரண்டு மடங்கு. சீக்கிரம் போய்விடுபவர்களின் பணம் நெடுநாள் இருப்பவர்களுக்குப் போவதால்தான் இது சாத்தியம். ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்தால் யாரும் 95க்குத் தனியாகச் சேமிக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த 58,300 ஏறவே ஏறாது. 6 சதவீத விலைவாசியில் பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் மதிப்பு பாதி, 24 ஆண்டுகளில் கால். மனைவிக்கு 90 ஆகும்போது அது இன்றைய 7,600 ரூபாய்க்குச் சமம். வருடம் 3 சதவீதம் ஏறும் வகை இருக்கிறது. அந்த 3 சதவீதமும் முதல் தொகையின் மேல் மட்டும்தான், தொடக்கப் பென்ஷனும் குறைவு. விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து ஏறும் ஆன்யுட்டியை நம் சந்தையில் நான் பார்த்ததில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம்மவர்களில் பெரும்பாலோர் கேட்டு வாங்குவது 'அசல் திரும்பக் கிடைக்கும்' வகையைத்தான். பிள்ளைகளுக்கு ஒரு கோடி போய்ச் சேருமே என்ற எண்ணம். அசலைத் திருப்பித் தர வேண்டியிருந்தால், சீக்கிரம் போனவரின் பணம் பொதுவில் மிஞ்சாது. பிறகு கிடைப்பது வெறும் வட்டி. 60 வயதில் மாதம் சில ஆயிரம்தான் வித்தியாசம் என்பதால் இது உறைக்காது. 75 வயதில் இரண்டு வகைகளுக்கும் விலைப்பட்டியல் கேட்டுப் பாருங்கள். அசல் திரும்பும் வகை கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். திரும்பாத வகை நன்றாக ஏறியிருக்கும். நெடுநாள் வாழ்வதற்கான காப்பீடு இருப்பது அந்த ஏற்றத்தில்தான்.

வழி மூன்று: 75 வரை நாமே, பிறகு பாதியை ஆன்யுட்டியில்

என் மனம் இதில்தான் நிற்கிறது. மாதம் 30,000 என்று தொடங்கி 6 சதவீதம் கூட்டி எடுத்துக்கொண்டே போனால், அவருக்கு 75, மனைவிக்கு 70 ஆகும்போது கையில் சுமார் 1.36 கோடி இருக்கும். அப்போதைய மாதச் செலவு 71,900. இதில் பாதியை, 68 லட்சத்தை, அசல் திரும்பாத கூட்டு ஆன்யுட்டியில் போடுகிறார்கள். அந்த வயதுக்கு 8.5 சதவீதம் என்று வைத்தால் மாதம் 48,200 வரும். குறைவதை மீதிப் பாதியிலிருந்து எடுக்க வேண்டும்.

அந்த மீதி ஏறும் செலவைத் தாங்கி இன்னும் 15 ஆண்டுகளுக்குச் சற்று மேல் வரும், அதாவது மனைவிக்கு 85 ஆகும்வரை. ஆன்யுட்டியே வாங்காமல் விட்டிருந்தால் 87 வரை வந்திருக்கும். ஆக, கொடுத்த விலை சுமார் இரண்டு ஆண்டு. அதற்குப் பதிலாகக் கிடைப்பது, 87க்குப் பிறகு பூஜ்யம் என்ற நிலை மாறி, 48,200 உயிர் இருக்கும்வரை. அன்றைய விலையில் அது முழுச் செலவுக்கு ஆகாது, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் ஈடுகட்டும். அந்த வயதில் ஃப்ளாட்டை விற்றோ அடமானம் வைத்தோ மீதியைச் சமாளிக்கலாம்.

எண்ணில் தெரியாத இன்னொரு லாபமும் உண்டு. எண்பது தாண்டியபின் வைப்புநிதியைப் புதுப்பிப்பது, ஃபண்டை விற்பது, போனில் வரும் ஏமாற்றுக்காரனைக் கண்டுபிடிப்பது எல்லாம் கடினம். கணக்கு வழக்கை இதுவரை கணவரே பார்த்த வீட்டில் தனியாக இருக்கும் மனைவிக்கு இன்னும் கடினம். ஆன்யுட்டியில் வருடத்துக்கு ஒரு உயிர்வாழ் சான்றிதழ் கொடுத்தால் பணம் தானாக வந்து விழும்.

இந்த வழி கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்திருக்க வேண்டும். 75இல் வட்டி விகிதம் அடியில் இருந்தால் அதே குறைந்த விகிதத்தில் ஆயுள் முழுக்க மாட்டிக்கொள்வோம். அதனால் 72, 75, 78 என்று மூன்று தவணையாக வாங்குவது நல்லது. பல திட்டங்களில் சேரும் வயதுக்கு மேல்வரம்பு உண்டு, ரொம்பத் தள்ளிப் போடக் கூடாது. இருவரில் ஒருவருக்காவது ஆயுள் நீளும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் இது பொருந்தும். இருவருக்கும் பெரிய நோய் வந்துவிட்டால் வாங்க வேண்டாம், பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். படிவத்தில் கூட்டு வகையைத் தேர்ந்தெடுக்கும்போது கணவருக்குப் பின் மனைவிக்கு 100 சதவீதம் என்று இருக்கிறதா, 50 சதவீதமா என்று பார்த்தே கையெழுத்துப் போட வேண்டும். 90ஐத் தொடப்போகிறவர் யார் என்று அட்டவணை ஏற்கனவே சொல்லிவிட்டது.

நண்பர் இப்போது 50,000ஐ 32,000 ஆகக் குறைக்கலாமா, இல்லை மூன்று வருடம் ஆலோசகராக வேலை பார்த்துத் தொகையை ஏற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். மனைவி இரண்டாவதைத்தான் விரும்புகிறார்.