லாபமா, ரொக்கமா: எதைப் பார்ப்பது?

லாபம் ஏறுகிறது, வங்கிக் கணக்கில் பணம் இல்லை. இப்படி ஓர் ஆண்டறிக்கை வந்தால் எதை நம்புவது?

ஒரு கற்பனைக் கணக்கு: நிகர லாபம் 10 கோடி. தேய்மானம் 4 கோடி, லாபத்தில் கழித்த செலவுதான், ஆனால் யார் கைக்கும் போகவில்லை. அதனால் திரும்பக் கூட்டுகிறோம். கடனுக்கு விற்றதில் வாடிக்கையாளர் பாக்கி 9 கோடி கூடிவிட்டது, அதைக் கழிக்கிறோம். ஆக, செயல்பாட்டு ரொக்கம் 5 கோடி. அப்புறம் புது இயந்திரத்துக்கு 7 கோடி போனது. முதலீட்டுச் செலவும் போக மிஞ்சுவதுதான் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ, இங்கே அது மைனஸ் 2 கோடி!

எப்போது பதிவாகும்?
லாபம்: சரக்கு கைமாறியதும்.
ரொக்கம்: பணம் வந்ததும்.

எங்கே வளைக்கலாம்?
லாபம்: வராக்கடன், முடியாத ஒப்பந்தம் பற்றிய மதிப்பீடுகளில்.
ரொக்கம்: சப்ளையருக்குத் தரவேண்டியதை இழுத்தடித்து.

இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. பிரிட்டனின் கட்டுமான நிறுவனம் கரில்லியன் 2016-க்கு லாபம் காட்டியது. அதற்கு வங்கியோடு ஓர் ஏற்பாடு இருந்தது: வங்கி சப்ளையருக்கு முன்கூட்டியே கொடுத்துவிடும், நிறுவனம் பிறகு வங்கிக்குக் கட்டும். அந்தப் பாக்கி கடனாகக் காட்டப்படாததால் செயல்பாட்டு ரொக்கமும் நன்றாகவே தெரிந்தது. 2017 ஜூலையில் ஒப்பந்த இழப்புக்கு 84.5 கோடி பவுண்டு ஒதுக்கியது, 2018 ஜனவரியில் கலைப்புக்குப் போனது.

தொழிலில் மார்ஜின் இருக்கிறதா என்று அறிய லாபம் போதும். வசூல் ஒழுங்கா என்று பார்க்கச் செயல்பாட்டு ரொக்கம். டிவிடெண்டை நம்பி வாங்குபவருக்கு ஃப்ரீ கேஷ் ஃப்ளோ, அதுவும் ஐந்தாண்டுக்குச் சேர்த்து. புது ஆலை கட்டும் வருடத்தில் அது மைனஸ் ஆவது சகஜம்தான்.