மஞ்சள், புளி, தோசைக்கல்: சமையல் மேடைக்கு எந்தக் கல் தாங்கும்?

காட்பாடியில் கட்டும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சமையல் மேடை 8 அடி நீளம், 2 அடி அகலம். நடுவில் அடுப்பு, ஒரு ஓரத்தில் சிங்க். கடையில் கிரானைட், மார்பிள், குவார்ட்ஸ் மூன்றையும் காட்டுவார்கள். வெளிச்சத்தில் மூன்றும் அழகுதான். வித்தியாசம் தெரிவது பிரியாணிக்கு எண்ணெய்க் கத்தரிக்காய் செய்யும் அன்று.

அந்த ஒரு சமையலில் கல்லுக்கு மூன்று விதமாக அடி விழுகிறது. மஞ்சள் கலந்த எண்ணெய் துளைகளுக்குள் இறங்கினால் அது கறை. புளித்தண்ணீர் கல்லையே அரித்துப் பளபளப்பைப் போக்கினால் அது மழுங்கல். இறக்கிவைத்த பாத்திரத்தின் சூட்டில் கல் கருகினாலோ விரிசல் விட்டாலோ அது மூன்றாவது. துளைகளை அடைக்கும் சீலர் திரவத்தை அடிப்பது முதல் அடிக்கு மட்டுமே மருந்து. இது தெரியாமல்தான் பலர் மார்பிளுக்குச் சீலர் அடித்துவிட்டு, எலுமிச்சை வைத்த இடத்தில் வெள்ளை வட்டம் ஏன் வந்தது என்று கேட்கிறார்கள்.

மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். புளி, எலுமிச்சை, தயிர், தக்காளி எது பட்டாலும் மேல்பரப்பு கரையும். சில நிமிடமே போதும். அந்தத் தடத்தைத் துடைத்து எடுக்க முடியாது, ஆள் வைத்து மறுபடி பாலிஷ் போட வேண்டும். போர் தண்ணீரின் உப்புப் படிவம் குழாயடியில் வெள்ளையாகக் கட்டும்போது வினிகர் ஊற்றித் தேய்த்தால், உப்போடு பளபளப்பும் போகும். பூஜை அறைக்கு மார்பிள் சரி. தினமும் ரசம் கொதிக்கும் மேடைக்கு நான் சொல்லமாட்டேன்.

குவார்ட்ஸ் பலகையில் எடைக்கு 90 சதவீதத்துக்கு மேல் குவார்ட்ஸ் தூள், மீதி பெரும்பாலும் அதை ஒட்டிப்பிடிக்கும் ரெசின். துளை கிட்டத்தட்ட இல்லாததால் சீலர் வேண்டாம், புளிக்கும் அசையாது. வெள்ளை நிறமென்றால் மஞ்சளை மட்டும் உடனே துடைத்துவிட வேண்டும். பலவீனம் ரெசினில் இருக்கிறது. 150 டிகிரியைத் தாண்டினால் அது மஞ்சளாகத் தொடங்கும். அடுப்பிலிருந்து இறக்கும் இரும்புத் தோசைக்கல் சாதாரணமாக 200 டிகிரி இருக்கும். ஒருமுறை வைத்தாலே மஞ்சள் வட்டம் நிலைத்துவிடலாம். மரப்பலகையோ பிரிமணையோ போட்டு வைக்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். வெயில் நேராக விழும் பின்கட்டு மேடைக்கு ஆகாது, நிறம் மாறும். இன்னொன்று, இதை அறுக்கும்போது பறக்கும் சிலிகா தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையையே தடை செய்துவிட்டது. வீட்டுக்குள் உலர் கட்டிங் போட விடாதீர்கள். பட்டறையில் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள்.

கிரானைட் சூட்டுக்கும் புளிக்கும் அநேகமாக அசையாது. ஆனால் எல்லா கிரானைட்டும் ஒன்றல்ல. அடர்ந்த கறுப்பு எண்ணெயைக் குடிப்பது அபூர்வம், வெளிர் நிறங்கள் குடிக்கும். கடையிலேயே சோதிக்கலாம். மேல்பரப்பில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டு 15 நிமிடம் கழித்துத் துடையுங்கள். துடைத்த இடம் கருத்திருந்தால் அந்தக் கல்லுக்குச் சீலர் வேண்டும். கறுப்புக் கல்லென்றால் வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் தேயுங்கள். துணி கறுத்தால் சாயம் ஏற்றிய கல்.

சீலர் அடிக்க, மேடையைக் கழுவி ஒரு முழு நாள் உலரவிட வேண்டும். ஈரம் இருந்தால் சீலர் உள்ளே இறங்காது. துணியில் மெல்லியதாகப் பூசி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, காய்வதற்குள் மிச்சத்தைத் துடைத்து எடுக்க வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் அது சீக்கிரம் காயும். விட்டுவிட்டால் மேலே பிசுபிசுவென்று மங்கலான படலம் நிற்கும். அதனால் காலை நேரத்தில், இரண்டடி இரண்டடியாகச் செய்யுங்கள். பிறகு வருடம் ஒருமுறை அதே தண்ணீர்ச் சோதனை. ஏற்கெனவே இறங்கிய எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாள் மூடி ஒரு நாள் வைத்து, தாளை எடுத்துவிட்டு அது காய்ந்தபின் சுரண்டுங்கள். ஒருமுறையில் போகாது, இரண்டு மூன்று தடவை ஆகும்.

இனி தாங்கல். நம் மேடைக்கு 18 மில்லிமீட்டர் கிரானைட் போட்டால், 16 சதுர அடி கல் 70 கிலோவுக்கு மேல் வரும். கடப்பா கல்லோ கான்கிரீட்டோ அடியில் முழுக்க இருந்தால் கவலையில்லை. வெளிர் கல்லென்றால் சாதாரண சிமென்டின் சாம்பல் நிறம் மேலே தெரியும், வெள்ளைச் சிமென்ட் கேளுங்கள். மாடுலர் பெட்டிகள் மேல் நேராக வைத்தால், இரண்டடிக்கு ஒரு தாங்கு பலகை வேண்டும், பெட்டிகளின் தலை ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு மூலை சற்றே தாழ்ந்திருந்தாலும் கல் அங்கே தொங்கும், மாவு கிரைண்டர் வைத்த பிறகு விரிசல் விடும். கிரைண்டரைத் தாங்கு பலகைக்கு நேர் மேலே வையுங்கள்.

பெரும்பாலும் உடைவது சிங்க்குக்கு முன்னால் உள்ள மூன்று அங்குலப் பட்டைதான், அதுவும் தூக்கி வரும்போது. கல்லைப் படுக்கவைத்துத் தூக்கினால் முறியும், நிமிர்த்திப் பிடித்து வரவேண்டும். சிங்க், அடுப்புத் துளைகளின் உள்மூலைகளை நேர்க்கோணமாக அறுக்காமல் வளைவாக அறுக்கச் சொல்லுங்கள், விரிசல் கூர்மூலையில்தான் தொடங்கும். பொருத்திய பிறகு அந்தப் பட்டைக்கு அடியில் ஓர் இரும்புக் குழாய்த் தாங்கல் கட்டாயம். வேலை முடிந்து சிமென்ட் கறை போக்க ஆள் ஆசிட் டப்பாவைத் திறந்தால் நிறுத்துங்கள். மார்பிள் அங்கேயே பாழாகும், கிரானைட்டில் உள்ள இரும்புச்சத்து சில மாதத்தில் துருவாக மேலே வரும்.