ஐம்பொன் சிலையில் வெள்ளைப் படிவு: புளியா, பாலிஷா, மூங்கில் குச்சியா?

பூஜை அறையில் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கும் வெண்கலச் சிலையையோ ஐம்பொன் சிலையையோ வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மூக்கு, தோள், முழங்கால் எல்லாம் பளபளவென்று இருக்கும். மாலையின் இடுக்கு, ஆடை மடிப்பு, விரல்களின் நடுவே, பீடத்துத் தாமரை இதழ்களின் அடி எல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். இந்த வெள்ளையை எடுக்கப் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க மேடான இடம் கரைகிறது, பள்ளத்தில் இருக்கும் வெள்ளை அப்படியே இருக்கிறது. வெள்ளையை எடுப்பது ஒரு வேலை, பளபளப்பு ஏற்றுவது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே கையால் ஒரே பொருளால் செய்யப் போவதில்தான் சிற்பியின் நுணுக்கம் போகிறது.

முதலில் அந்த வெள்ளை என்னவென்று தெரிய வேண்டும். வீட்டுச் சிலைகளில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். போர்வெல் தண்ணீரில் அபிஷேகம் செய்து ஈரத்தோடு விட்டால் படிகிற சுண்ணாம்பு உப்பு. விபூதியும் பாலும் சந்தனமும் கலந்து இறுகிய பூச்சு. பழைய பாலிஷ் காய்ந்து நின்ற மாவு. சிலையின் பின்பக்கம், பார்வைக்குப் படாத இடத்தில், பல்குச்சி முனையால் ஒரு சொட்டு வினிகர் வையுங்கள். பூதக்கண்ணாடியில் நுண்ணிய குமிழ் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சுண்ணாம்பு. கடையில் விற்கும் சுண்ணாம்புக் கலப்பு விபூதியும் இதேபோலக் குமிழ் விடும், அதனால் குழம்ப வேண்டாம். பார்த்த உடனே ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். குமிழ் இல்லையென்றால் பஞ்சில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு ஒற்றிப் பாருங்கள். பஞ்சு சாம்பல் கறுப்பாக வந்தால் அது பாலிஷ் கசடு. இரண்டும் இல்லாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் மெத்தென்று ஆனால் பாலும் விபூதியும்.

வெள்ளையில் இளம்பச்சை கலந்து, தொட்டால் மாவாக உதிர்ந்து, அதற்கடியில் குழி தெரிந்தால் மட்டும் அங்கேயே நிறுத்துங்கள். அது படிவு இல்லை, குளோரைடால் உலோகமே அரிபடுகிற நோய். தண்ணீரும் புளியும் பட்டால் அதிகமாகும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். நம் வீடுகளில் முதலில் கைக்கு வருவது புளி. எலுமிச்சை அளவு புளியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துத் தேய்த்தால் செம்புப் பாத்திரம் போல நிமிஷத்தில் மின்னும். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம், செம்பின் மேல் இருக்கும் கறுப்பு ஆக்ஸைடு படலத்தைக் கரைப்பதுதான் அந்த மினுமினுப்பு. நமக்கு வேண்டியது வெள்ளை போவது. அங்கே புளி சொதப்புகிறது. அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் டார்டரேட் ஆகிறது, அது தண்ணீரில் சுலபமாகக் கரையாத வெள்ளைப் பொருள். ஒரு வெள்ளை போய் இன்னொரு வெள்ளை அதே இடுக்கில் உட்காரும். சாண விபூதியில் மணல் கூறு அதிகம், அது அமிலத்துக்கு அசையவே அசையாது. இதற்கு நடுவே, வருஷக்கணக்கில் படிந்து சிலைக்கு ஆழம் கொடுத்த கருமை முழுதும் போய், மேனி சிவந்து செம்புத் திட்டுகளாகத் தெரியும். பித்தளை கலந்த சிலையில் துத்தநாகம் கரைந்து இந்தச் சிவப்பு இன்னும் மோசமாக வரும். குத்துவிளக்குக்குப் புளி சரி. கண்ணிமை வரை செதுக்கிய சிலைக்கு வேண்டாம்.

எலுமிச்சையும் உப்பும் சேர்த்துத் தேய்ப்பது புளியைவிட ஆபத்து. உப்பில் உள்ள குளோரைடு உலோகத்தின் நுண்துளைகளில் ஒளிந்துகொள்ளும். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து மேலே சொன்ன பச்சை நோயைத் தொடங்கி வைக்கும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்று எப்போதுமே ஈரம்தான், அங்கே இதை ஒரு தடவைகூடச் செய்யாதீர்கள். அமிலம் தவிர வழியில்லை என்றால், உப்பில்லாத வினிகர், ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, அந்த ஒரு இடத்தில் மட்டும். வினிகர் சுண்ணாம்பைக் கரையும் உப்பாக மாற்றும் என்பதால் புளி விட்டுவைக்கிற வெள்ளை இதில் மிஞ்சாது. ஆனாலும் கருமையை இதுவும் தின்னும்.

டப்பா பாலிஷ், பொடி எல்லாம் அடுத்தது. திரவ பாலிஷில் உலோகத்தைத் தேய்க்கும் நுண்ணிய மணல் தூளும், பெரும்பாலும் அம்மோனியாவும் இருக்கும். மேடான இடத்தில் நன்றாகத்தான் வேலை செய்கிறது. கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, பள்ளத்தில் தங்கிய பாலிஷ் காய்ந்து அதுவே வெள்ளை மாவாக நிற்கும். நான் பார்த்த வீட்டுச் சிலைகள் பலவற்றில், நீக்க வேண்டும் என்று கொண்டுவந்த வெள்ளையே முந்தைய பாலிஷ்தான். இரண்டு, அந்தத் தேய்ப்புத் தூள் வெண்கலத்தைவிடக் கடினம். வருஷத்துக்கு ஆறேழு தடவை என்று முப்பது வருஷம் தேய்த்தால் புருவக் கோடும் உதட்டு விளிம்பும் மழுங்கும். விபூதியால் தேய்ப்பதும் இதே கணக்குதான், அதிலும் மணல் கூறு இருக்கிறதே.

பாலிஷ் பட்டறையில் மோட்டார் பஃப் சக்கரத்தில் கொடுத்துவிடலாமே என்பவர்களுக்கு: புதுச் சிலை செய்யும்போது சுவாமிமலையில் அரம், உளி, தேய்ப்புத் தாள் என்று ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தீர்க்கப்படும். சக்கரம் அந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை, எல்லா விளிம்பையும் ஒரே அளவில் உருட்டிவிடும். ஐந்து நிமிஷத்தில் போனது திரும்ப வேண்டும் என்றால் மறுபடி ஒரு ஸ்தபதி உளி வைக்க வேண்டும், அப்போது அது அவருடைய முகம்.

மிச்சமிருப்பது மூங்கில் குச்சி. நேரம் எடுக்கும், ஆனால் என் வோட்டு இதற்குத்தான். காரணம் எளிது. சுண்ணாம்புப் படிவும் வெண்கலமும் கடினத்தில் ஏறக்குறைய ஒன்று. ஊசி, கத்தி, இரும்பு நார் எடுத்தால் படிவைச் சுரண்டும்போதே சிலையும் கீறும். மூங்கில் வெண்கலத்தைவிட மெது, கீறாது. ஆனால் மூங்கிலின் பச்சைத் தோலில் மணல் கூறு இருக்கிறது, அதைச் சீவி எறிந்துவிட்டு உள்பகுதியில் குச்சி சீவுங்கள். முனையை உளி போலத் தட்டையாக ஒன்று, கூராக ஒன்று. மழுங்கினால் மறுபடி சீவலாம்.

வேளச்சேரிப் பக்கம் ஒரு வீட்டு மீனாட்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு சாண் உயரம், கையில் கிளி, கழுத்தில் மூன்று சரம். வெள்ளி தவறாமல் போர்வெல் தண்ணீர் அபிஷேகம், மேலே விபூதி. கிளியின் இறகுக்கோடே தெரியவில்லை. கிளியில் வைத்த வினிகர் சொட்டில் குமிழ் வந்தது, ஆனால் கழுத்துச் சரத்தில் வரவில்லை. ஆக இரண்டு விதமான படிவு. முதலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரை வெதுவெதுப்பாக்கி, பஞ்சை நனைத்துச் சரத்தின் மேல் போர்த்தி அரைமணி நேரம் விட்டோம். குழாய்த் தண்ணீர் போட்டால் அதன் உப்பே திரும்பப் படியும். பாலும் விபூதியும் ஊறி மெத்தென்று ஆனது. தட்டை முனைக் குச்சியைப் படுக்கைவாக்கில் பிடித்து, கோட்டின் போக்கிலேயே நகர்த்தினால் சுருளாக வந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் குச்சி முனையைத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் உதிர்ந்த மணல் கூறே தேய்ப்புத்தாள் ஆகிவிடும்.

கிளி மேல் இருந்த சுண்ணாம்பு ஊறலுக்கு மசியவில்லை. அங்கே சோடியம் ஹெக்ஸாமெட்டாஃபாஸ்பேட், ரசாயனக் கடையில் பொடியாகக் கிடைக்கும். நூறு மில்லி டிஸ்டில்ட் வாட்டரில் ஐந்து கிராம். சுண்ணாம்பைக் கவ்வித் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்வது இதன் வேலை. அருங்காட்சியகங்களில் சுண்ணாம்பு ஏறிய வெண்கலத்துக்கு இதைப் பயன்படுத்துவது உண்டு. பஞ்சில் நனைத்து அந்த இடத்தில் மட்டும் பத்து நிமிஷம், எடுத்துக் குச்சியால் தட்டிப் பார், கழுவு, மறுபடி பத்து நிமிஷம். சிலையை அப்படியே முக்கி இரவு முழுக்க வைத்தால் செம்பையும் கரைக்கும், கருமை திட்டுத்திட்டாகப் போகும். பஞ்சு இலேசாக நீலமோ பச்சையோ ஆனால் அது செம்பு வெளியேறும் அறிகுறி, உடனே கழுவி நிறுத்திவிட வேண்டும். கிளியில் மூன்றாவது சுற்றோடு பஞ்சு வெள்ளையாகவே இருக்கும்போதே நிறுத்தினோம். இறகின் வேரில் மெல்லிய வெள்ளைக் கோடு மிச்சம் இருந்தது. அதை விட்டுவிட்டோம். அந்தக் கோட்டுக்காக இறகின் விளிம்பைப் பணயம் வைப்பது நியாயமில்லை.

பாலிஷ் கசடாக இருந்தால் வழி வேறு. மண்ணெண்ணெய் தொட்ட மெத்தென்ற பல்துலக்கும் பிரஷால் எண்ணெய்ப் பசையை இளக்கி, குச்சியால் எடுத்து, கடைசியில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் போதும். சன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் விளக்கு எரியக் கூடாது.

எந்த வழியானாலும் கழுவுவதும் காயவைப்பதும் ஒன்றுதான். டிஸ்டில்ட் வாட்டரில் இரண்டு மூன்று முறை கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி, இடுக்குகளில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டு போகும். உள்ளே கூடாக வார்த்த சிலையின் அடியில் ஓட்டை இருந்தால் கவிழ்த்து ஒரு நாள் விடுங்கள், உள்ளே நிற்கும் ஈரம்தான் பிறகு அடிப்பக்கம் கறையாக வரும்.

பளபளப்பு? வெள்ளை போன பிறகு பல சிலைகளுக்கு அது தேவையே படாது. ஆசைப்பட்டால் உலர்ந்த பழைய வேட்டித் துணியால் மேடான இடங்களை மட்டும் தேயுங்கள். பள்ளத்தில் கருமை நிற்கட்டும். கருமை இருந்தால்தான் சரமும் மடிப்பும் கண்ணுக்குத் தெரியும். எல்லாம் ஒரே மஞ்சளாக மின்னினால் செதுக்கிய கோடு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை என்று சந்தேகம் இருந்தால் இதில் எதுவும் வேண்டாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் அது தொல்பொருள் கணக்கில் வரும், பதிவும் தேவைப்படலாம். அப்படிப்பட்ட சிலையின் மேல்படலமே அதன் வயதுக்குச் சாட்சி, அதைத் தொல்பொருள் வேதியியல் தெரிந்தவர்தான் தொட வேண்டும்.

வீட்டுச் சிலைக்குத் திரும்பினால், அடுத்த வெள்ளை வராமல் இருக்கச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அபிஷேகம் முடிந்ததும் கடைசிச் சொம்பு மட்டும் ஆர்ஓ தண்ணீராக ஊற்றி, காற்றில் காய விடாமல் உடனே துணியால் ஒற்றிவிடுங்கள். மீனாட்சி வீட்டில் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள், குச்சியை வெளியே எடுக்கும் வேலை இதுவரை வரவில்லை.