பில்லிங் புரோகிராம் மாற்றும்போது பழைய பாக்கி: மொத்தமாகவா, பில் பில்லாகவா?

எங்கள் எலெக்ட்ரிக்கல் கடையில் பல வருடம் ஓடிய பில்லிங் புரோகிராமை விட்டுவிட்டு, ஏப்ரல் 1 முதல் டேலி பிரைமுக்கு வந்தோம். பழைய பில்கள் அத்தனையையும் இழுத்து வரும் யோசனையை முதல் நாளே கைவிட்டோம். வேண்டும்போது பழைய கணினியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். மிஞ்சியவை இரண்டு வழிகள். ஒவ்வொரு பார்ட்டியின் மார்ச் 31 பாக்கியையும் ஒரே தொகையாகப் போடலாம். இல்லையென்றால் அந்தப் பாக்கிக்குள் இருக்கும் ஒவ்வொரு பில்லையும் எண், தேதி, தொகையோடு பிரித்துப் போடலாம். நாங்கள் பிரித்துத்தான் போட்டோம். இன்னொரு முறை மாற்ற நேர்ந்தாலும் அப்படியே செய்வேன்.

மொத்தமாகப் போடுவதில் வேலை குறைவு. ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும், பேலன்ஸ் ஷீட்டும் சரியாகவே வரும். குறை தெரிவது வசூலுக்குப் போகும்போதுதான்.

எங்கள் காண்ட்ராக்டர் ஒருவரின் பாக்கி 84,600 ரூபாய். அதற்குள் மூன்று பில்கள்: ஜனவரி 12-இல் 31,200, பிப்ரவரி 9-இல் 28,900, மார்ச் 21-இல் 24,500. தவணை 30 நாள். மொத்தத் தொகையை ஏப்ரல் 1 தேதியிட்டுப் போட்டால், ஏப்ரல் 10-ஆம் தேதி பார்க்கும்போது அது ஒன்பது நாள் பாக்கி, இன்னும் தவணைக்குள் இருக்கிறது. உண்மையில் ஜனவரி பில்லுக்கு அன்று 88 நாள் ஆகிவிட்டது. அவர் முதலில் 28,900 ரூபாய்க்குச் செக் கொடுத்தார். ஜனவரி பில்லில் திருப்பிக் கொடுத்த சரக்கு கழிக்கப்படவில்லை என்பது அவர் வாதம். பில் பிரிந்திருந்ததால் பிப்ரவரி பில்லை மூடிவிட்டு, ஜனவரி பில்லை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பேச முடிந்தது.

சப்ளையர் பக்கமும் தேதி முக்கியம். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், அந்தப் பில்லுக்கு எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். எல்லாப் பில்லுக்கும் ஏப்ரல் 1 என்று போட்டுவிட்டால் எது எப்போது 180-ஐத் தாண்டுகிறது என்று கணினி சொல்லாது.

டேலியில் இதற்கு லெட்ஜரில் `Maintain balances bill-by-bill` என்பதை `Yes` என்று வைக்க வேண்டும். ஆரம்ப இருப்பைப் போட்டதும் பில் விவரம் கேட்கும். பாதி பணம் வந்த பில்லுக்கு மீதியை மட்டும் போடுங்கள். டைப் அடிப்பது பெரிய பாரமில்லை, கஷ்டம் அதற்கு முன்னால் இருக்கிறது. எங்கள் பழைய புரோகிராமில் வரவை எந்தப் பில்லுக்கு என்று குறிக்காமல் பார்ட்டி கணக்கில் மட்டும் போட்டு வந்திருந்தோம். அதனால் பாக்கி பில்களின் கூட்டல் ஒன்றாகவும் லெட்ஜர் பாக்கி வேறாகவும் நின்றது. வரவுகளைப் பழைய பில்லிலிருந்து வரிசையாகக் கழித்து, பெரிய பார்ட்டிகளிடம் பட்டியலை அனுப்பி ஒப்புக்கொள்ள வைத்த பிறகுதான் ஏற்றினோம். இதற்கே ஒரு வாரத்துக்கு மேல் போனது. வாராவாரம் கையில் வந்ததைக் கொடுத்து ஓடும் கணக்கில் வாங்கும் சில்லறைக் கடைக்காரர்களுக்கு மட்டும் மொத்தமாகவே போட்டோம். அவர்கள் பில் பார்த்துப் பணம் தருவதில்லை, அங்கே பிரிப்பது வீண் வேலை.

சரக்கில் இரண்டு வழிக்கும் வித்தியாசமில்லை, ஆனால் அலகைப் பாருங்கள். பழையதில் வயரை மீட்டரில் வைத்திருந்தோம், புதியதில் 90 மீட்டர் காயில். 450 மீட்டர் என்பது 5 காயில் ஆக வேண்டும், மீட்டர் விலையும் 90 மடங்காக வேண்டும். மதிப்பு, ஜிஎஸ்டி நீங்கிய கொள்முதல் விலையில் இருக்கட்டும். மைனஸில் நிற்கும் ஐட்டங்களை அப்படியே கொண்டுவராமல், எண்ணிப் பார்த்துப் பழைய புரோகிராமிலேயே மார்ச் 31 தேதியில் சரிசெய்துவிட்டு வாருங்கள். மருந்துக் கடைபோல் பேட்ச், காலாவதித் தேதி உள்ள சரக்கை நான் மாற்றியதில்லை. அங்கே இருப்பையும் பேட்ச் வாரியாகப் பிரிக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் ஏற்றியதும் எங்களுக்கு `Difference in opening balances` என்று 25,000 ரூபாய் நின்றது. இப்படி நின்றால் அதில் பாதியைத் தேடுங்கள். 12,500 ரூபாய் முன்பணம் கொடுத்திருந்த ஒரு கஸ்டமரை கிரெடிட்டில் போடாமல் டெபிட்டில் போட்டிருந்தோம். பக்கம் மாறினால் வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும். இந்த வித்தியாசம் மறைந்த பிறகும் கஸ்டமர் மொத்தம், சப்ளையர் மொத்தம், சரக்கு மொத்தம் மூன்றையும் பழைய அறிக்கையோடு தனித்தனியாக ஒப்பிட்டோம். இரண்டு பார்ட்டிகளின் தொகை இடம் மாறியிருந்தால் மொத்தமும் காட்டிக்கொடுக்காது என்பதால், பார்ட்டி பட்டியலையும் ஒருவர் வாசிக்க இன்னொருவர் டிக் அடித்தோம். அதன் பிறகே பழைய புரோகிராமில் யாரும் பதிவு போட முடியாதபடி பாஸ்வேர்டை மாற்றினோம்.