ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் வீட்டில் இருந்தால், பல் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

1,40,000 ரூபாய். அம்மாவின் பல் வேலைக்கு நாங்கள் முழுதாகக் கட்டிய தொகை. பல் இன்னும் வைக்கவில்லை, அம்மா ஐசியூவில் இருந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார், அந்த கிளினிக் பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறது. பெயர் போடவில்லை, வக்கீல் போட வேண்டாம் என்றார். பல ஊர்களில் கிளை வைத்து, இணையத்தில் விளம்பரம் செய்து, "எல்லாம் சேர்த்து ஒரே ரேட்" என்று சொல்லும் வகை பல் கிளினிக். அவ்வளவு தெரிந்தால் போதும்.

அம்மாவுக்கு வயது 61, முடக்குவாதம். நான்கு வருடமாக பிரெட்னிசலோன் 7.5 மில்லிகிராம், தினமும் காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு. (பலருக்கு இந்த மாத்திரை வைசலோன், ஓம்னகார்டில் என்ற பெயரில்தான் தெரியும். சின்ன மாத்திரை.) முதல் நாளே சீட்டு, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் ஃபைலோடு கொண்டுபோய்க் கொடுத்தோம், வாட்ஸப்பிலும் போட்டோ அனுப்பினேன். அங்கே கோ-ஆர்டினேட்டர் என்று ஒரு பெண். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அம்மா மாதிரி பாத்துக்கிறோம் மேடம், ஹிஸ்டரி எல்லாம் டாக்டர் பாத்துட்டார், ஃபிட்னஸ், மயக்க டாக்டர் ஃபீஸ் எல்லாமே பேக்கேஜ்ல அடக்கம்" என்றார். நான் குறிப்பாகவே கேட்டேன், "ஸ்டீராய்டு சாப்பிடுறாங்களே, ஏதாவது பாக்கணுமா?" என்று. "அதெல்லாம் டாக்டருக்குத் தெரியும் மேடம், இதுமாதிரி டெய்லி பண்றோம்." அந்த ஒரு வார்த்தையில்தான் நாங்கள் கார்டைத் தேய்த்தோம். 1,40,000 ரூபாய், ஒரே தவணையில், அன்றே கட்டினால் தள்ளுபடி என்பதால்.

ஆடிக்கொண்டிருந்த ஒன்பது பற்களையும் எடுத்து, அதே நேரத்தில் புதுப் பல்லைத் தாங்க எலும்பில் திருகாணி பொருத்துவது, அதுவும் ஒரு நர்சிங் ஹோமில் முழு மயக்கத்தில், மாலையே வீடு. இதுதான் திட்டம். வியாழக்கிழமை காலை ஆபரேஷன். செவ்வாய் இரவு வாட்ஸப்பில் குறிப்பு வந்தது: நாளையிலிருந்து எந்த மாத்திரையும் வேண்டாம், புதன் இரவு 12 மணிக்கு மேல் தண்ணீர்கூட வேண்டாம். ஸ்டீராய்டுமா என்று கேட்டு எழுதினேன். பதில் இரண்டே சொல்: "எல்லாமே மேடம்."

இந்த இடத்தில்தான் உயிருக்கே ஆபத்து வந்தது, அதனால் அம்மாவின் மூட்டுவாத டாக்டர் பிறகு எங்களுக்கு விளக்கியதை அப்படியே சொல்கிறேன். சிறுநீரகத்தின் தலையில் இருக்கும் அட்ரினல் சுரப்பிதான் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்பது உடம்பு ஒரு நாளில் தானே சுரக்கும் அளவுக்குச் சமம். அந்த அளவோ அதற்கு மேலோ நான்கு வாரம், அதற்கும் மேல் தொடர்ந்து வெளியிலிருந்து போய்க்கொண்டிருந்தால், மூளை "போதும்" என்று நினைத்துக்கொண்டு சுரப்பிக்குக் கட்டளை அனுப்புவதைக் குறைத்துவிடுகிறது. வருடக்கணக்கில் ஓட்டாத கிணற்று மோட்டார் போல சுரப்பி சுருங்கி மந்தமாகிவிடும். சாதாரண நாட்களில் ஒன்றும் தெரியாது, மாத்திரை வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் பெரிய ஆபரேஷன், முழு மயக்கம், கடுமையான காய்ச்சல் என்று வந்தால் நல்ல உடம்பு தன் கார்டிசாலைப் பல மடங்கு கூட்டும். இவர்கள் உடம்பால் அது முடியாது. அதனால்தான் அந்த நேரத்தில் வெளியிலிருந்து கூடுதலாகக் கொடுக்கிறார்கள். "ஸ்டீராய்டு கவர்" என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

அம்மாவுக்குக் கூடுதலாகவும் கிடைக்கவில்லை, வழக்கமாகப் போவதையும் நிறுத்திவிட்டார்கள். புதன் இல்லை, வியாழன் இல்லை.

வியாழன் மாலை டிஸ்சார்ஜ். அப்போதே முகம் வெளிறி, தலையைத் தூக்க முடியாமல் இருந்தார். "மயக்க மருந்து எஃபெக்ட், தூங்கட்டும்" என்றார்கள். இரவு மூன்று நான்கு முறை வாந்தி. கோ-ஆர்டினேட்டருக்குப் போன் செய்தால் "ரத்தம் கொஞ்சம் முழுங்கியிருப்பாங்க, அதான் வாந்தி, காலைல சரியாகிடும்." மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. விடிகாலை எழுப்பினால் கண் திறக்கவில்லை, உடம்பு ஜில்லென்று வியர்த்திருந்தது. பக்கத்து மருத்துவமனை கேஷுவால்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிபி 76/40. சர்க்கரை 54, அம்மாவுக்கு சர்க்கரை நோயே கிடையாது. இரண்டு பாட்டில் சலைன் ஏற்றியும் பிபி ஏறவே இல்லை.

அங்கே டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "தினமும் என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" போனில் இருந்த சீட்டுப் படத்தைக் காட்டினேன். பார்த்ததும், "எத்தனை நாளா நிறுத்தியிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே, எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு 100 மில்லிகிராம் ஊசியை நரம்பில் போடச் சொன்னார், கூடவே குளுக்கோஸ். கார்டிசால் இல்லாவிட்டால் ரத்தக் குழாய்கள் அட்ரினலினுக்குச் சரியாக இறுகாதாம், அதனால் எவ்வளவு சலைன் ஊற்றினாலும் பிபி நிற்காதாம். சில மணி நேரத்தில் பிபி நூறைத் தாண்டியது. அம்மா கண் திறந்து என் பெயரைச் சொன்னார். சோடியமும் 126க்கு இறங்கியிருந்தது. அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை 50 மில்லிகிராம் ஊசி, ஐசியூவில்.

அந்த ஊசி மருந்தின் விலையை பில்லில் பார்த்தேன். நூறு ரூபாய்கூட இல்லை. 1,40,000 ரூபாய் வாங்கியவர்கள் போடாத ஊசி அது. வீக்கம் குறைய பல டாக்டர்கள் போடும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 8 மில்லிகிராமை ஆபரேஷன் நேரத்தில் நரம்பில் போட்டிருந்தால்கூட ஒரு நாளைக்குத் தாங்கியிருக்கும் என்றார் மூட்டுவாத டாக்டர். டிஸ்சார்ஜ் காகிதத்தில் அதுவும் இல்லை.

இனி அவர்கள் பேச்சைக் கேளுங்கள். முதலில் கோ-ஆர்டினேட்டர், "மேனேஜர் கூப்பிடுவார்." மேனேஜர் கூப்பிடவில்லை. நேரில் போனால், "டாக்டர் வேற பிராஞ்ச்ல இருக்கார்." அப்புறம், "கன்சென்ட் ஃபார்ம்ல கையெழுத்து போட்டிருக்கீங்களே." ரெக்கார்டின் நகல் கேட்டுச் சண்டை போட்டு வாங்கினேன். அதில் "தற்போது எடுக்கும் மருந்துகள்" என்ற கட்டத்தில் கோ-ஆர்டினேட்டர் கையெழுத்தில் "மூட்டு வலி மாத்திரை" என்று மட்டும் இருக்கிறது. நாங்கள் கொடுத்த சீட்டு ஃபைலிலேயே இல்லை. மயக்க மருந்து கொடுத்தவர் அந்தக் கட்டத்தை மட்டும் படித்திருப்பார். ஒரு வார்த்தை அம்மாவிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

கடைசியாக அவர்கள் சொன்ன பதில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது: "பல் வேலைக்கு ஸ்டீராய்டு கவர் தேவையில்லைன்னு கைட்லைனே இருக்கு மேடம்." பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். ஈறில் மரத்துப்போகும் ஊசி போட்டு ஒரு பல்லை எடுப்பது, பல் அடைப்பது, சுத்தம் செய்வது, இதற்கெல்லாம் பெரும்பாலானவர்களுக்குக் கூடுதல் டோஸ் வேண்டாம்தான், அன்றைய மாத்திரையை வழக்கம்போலச் சாப்பிட்டால் போதும். தேவையில்லாமல் ஏற்றினால் சர்க்கரை எகிறும், புண் ஆறத் தாமதமாகலாம். ஆனால் முழு மயக்கத்தில் ஒன்பது பல் எடுத்து எலும்பைத் துளைப்பது அந்தக் கணக்கில் வராது. பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் மயக்கம் கொடுக்கும்போதே 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன், அதன்பின் 24 மணி நேரத்துக்கு 200 மில்லிகிராம், வாயால் சாப்பிட ஆரம்பித்ததும் 48 மணி நேரம் வழக்கமான மாத்திரையை இரு மடங்காக, என்று இருக்கிறது. எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு கூடுதல் வேண்டும் என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, சிலர் இதைவிடக் குறைவாகக் கொடுப்பார்கள். ஆனால் வழக்கமான டோஸை நிறுத்து என்று எவரும் சொல்வதில்லை. இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1952லேயே, மூட்டுவாதத்துக்கு கார்டிசோன் சாப்பிட்டுவந்த ஒரு இளைஞர், ஆபரேஷனுக்கு முன் மருந்தை நிறுத்தியதால் இடுப்பு அறுவை முடிந்த சில மணி நேரத்தில் இறந்ததை அமெரிக்க மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். எழுபது வருடம் கழித்து என் அம்மாவிடம் அதையே செய்திருக்கிறார்கள்.

பணம்? "அடுத்த ஸ்டேஜுக்கு வாங்க, கேப் போட்டுத் தர்றோம், ரீஃபண்ட் பாலிசி கிடையாது." 1,40,000 ரூபாய் அவர்களிடம், திருகாணி அம்மாவின் தாடையில். ஐசியூ செலவு தனி. அம்மா அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறார், நானும் அனுப்பப்போவதில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது, நாளை நுகர்வோர் ஆணையத்துக்குக் காகிதம் தயார் செய்ய வேண்டும். அவசரமாகச் சிலது மட்டும்.

தேதி குறிக்கும் முன், ஸ்டீராய்டு எழுதிக்கொடுத்த டாக்டரிடமே ஒரு கடிதம் வாங்குங்கள், ஊசியா, எவ்வளவு, எப்போது என்று அதில் இருக்கட்டும். மயக்க டாக்டரிடம் நீங்களே நேரில் கொடுங்கள், இடையில் இருக்கும் கோ-ஆர்டினேட்டரிடம் கொடுக்காதீர்கள்.

"எல்லா மாத்திரையும் நிறுத்துங்க" என்றால் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லி டாக்டர் வாயிலிருந்தே கேளுங்கள். பட்டினி இருந்தாலும் ஆபரேஷன் அன்று காலை ஒரு மடக்குத் தண்ணீரில் இதைச் சாப்பிடச் சொல்வார்கள், அல்லது பதிலுக்கு ஊசி போடுவார்கள்.

மாத்திரையை நிறுத்தி சில மாதமாகிவிட்டது என்றாலும் சொல்லுங்கள், சுரப்பி தேற ஒரு வருடம்கூட ஆகலாம். மூட்டு வலிக்கு என்று பெயர் தெரியாத பொடி, மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொல்லிவிடுங்கள், அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் ஊரில் நடக்கிற விஷயம்.

நீங்களாக டோஸைக் கூட்டாதீர்கள்.

ஆபரேஷன் முடிந்து வாந்தி நிற்காமல், எழுப்ப எழுப்பத் தூங்கிக்கொண்டே இருந்தால் போனில் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். மாத்திரை வயிற்றில் தங்காது, ஊசிதான் வேண்டும். நேராக கேஷுவால்டிக்குப் போய் "இவங்க ஸ்டீராய்டு பேஷன்ட்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.